இரட்டைக் குழிக் கழிப்பறை: மூடிய குழியை எப்போது திறப்பது, அள்ளியதை எங்கே போடுவது

தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் மானியம் வாங்கிக் கட்டிய கழிப்பறைகளில் ஏராளமானவை இரட்டைக் குழி வகை. கட்டி முடித்த அன்று கொத்தனார் சொல்லியிருப்பார்: "ஒண்ணு ரொம்பிட்டா அடைச்சிட்டு அடுத்ததுக்கு மாத்திவிடுங்க. ஒரு வருஷம் போனா எருவா அள்ளிக்கலாம்." சொன்னது சரிதான். ஆனால் அந்த ஒரு வருஷம் எந்த நாளிலிருந்து? அந்த ஒரு வருஷமும் குழிக்குள் புதிதாக எதுவும் விழவில்லை என்று எப்படித் தெரியும்? அள்ளுவது அரை நாள் வேலை. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் அள்ளினால்தான் ஆபத்து. அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி, மூடியைத் தூக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியே இருக்கும்.

இது செப்டிக் டேங்குக்கும் ஒற்றைக் குழிக்கும் பொருந்தாது. அவற்றில் இருப்பது எப்போதும் புது மலம் கலந்த கசடு. அதை உறிஞ்சும் லாரிதான் எடுக்க வேண்டும். கையால் அள்ளவே கூடாது.

குழிக்குள் என்ன நடக்கிறது

பீங்கானிலிருந்து வரும் மலமும் தண்ணீரும் ஒய் வடிவச் சேம்பருக்கு வந்து, திறந்திருக்கும் பக்கத்துக் குழிக்குப் போகின்றன. குழியின் சுவரில் செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டிருப்பார்கள், அல்லது ஓட்டை வைத்த சிமெண்ட் உறை இறக்கியிருப்பார்கள். தரையில் சிமெண்ட் கிடையாது. தண்ணீரும் சிறுநீரும் வாயுவும் மண்ணுக்குள் கசிந்துவிட, கெட்டிப் பொருள் மட்டும் தங்கும். அதனால்தான் ஐந்து பேர் தினமும் போனாலும் குழி நிரம்பச் சில வருஷங்கள் ஆகின்றன. தோராயமாக ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 40 முதல் 50 லிட்டர் கசடுதான் சேரும்.

குழியை மாற்றியதும் மூடிய குழியில் ஈரம் வடியத் தொடங்கும். கிருமிகளுக்கு உணவும் ஈரமும் குறையும். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் மிச்சத்தைத் தின்று மக்கவைக்கும். வாந்திபேதி, டைபாய்டு கிருமிகள் சில மாதங்களில் அடங்கிவிடும். கடைசிவரை தாக்குப்பிடிப்பது உருண்டைப்புழுவின் முட்டை. அதன் ஓடு கெட்டி. ஈரமும் நிழலும் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 20 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள இடங்களில் ஒரு வருஷத்துக்கு மேல் சேமித்து வைக்கச் சொன்னது முக்கியமாக இந்த முட்டையை நினைத்துத்தான். நான்கு மாதம் கழித்தும் அதில் ஒரு பங்கு பிழைத்திருக்கும். ஒரு வருஷம் ஆகும்போதுதான் ஏறக்குறைய எல்லாம் செத்திருக்கும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாற்றம் போவதும் முட்டை சாவதும் ஒரே வேளையில் நடப்பதில்லை. நாற்றம் ஆறேழு மாதத்தில் போய்விடலாம். "வாசனையே இல்லை, காபித்தூள் மாதிரி இருக்கு" என்று கையில் எடுத்து மோந்து பார்ப்பவர்கள் உண்டு. மூக்குக்கு மக்கியது தெரியும், முட்டை தெரியாது. முட்டைக்கு நம்மிடம் இருக்கும் ஒரே அளவுகோல் தேதி.

ஒரு வருஷம் போதுமா?

ஒரு வருஷம் என்பது குறைந்தபட்சம். அந்தக் குறைந்தபட்சத்தைப் பிடித்துக்கொண்டு அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. ஒரு வீட்டின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

ஐந்து பேர் உள்ள வீடு, செம்மண் பூமி. குழியின் உட்குறுக்களவு ஒரு மீட்டர். குழாய் விழும் இடத்துக்குக் கீழே ஆழம் ஒரு மீட்டர். அப்படியானால் கொள்ளளவு ஏறக்குறைய 785 லிட்டர். ஐந்து பேருக்கு வருஷத்துக்கு 225 லிட்டர் என்று வைத்தால் நிரம்ப மூன்றரை வருஷம். 2019 வைகாசியில் புழங்கத் தொடங்கி, 2022 கார்த்திகையில் முதல் குழியை அடைத்து இரண்டாவதுக்கு மாற்றினார்கள் என்று கொள்வோம். கொத்தனார் கணக்குப்படி 2023 கார்த்திகையில் அள்ளலாம். ஆனால் இரண்டாவது குழி நிரம்ப 2026 நடுப்பகுதி ஆகும். அதுவரை முதல் குழி காலியாக இருந்து என்ன பயன்? அதுவும் கார்த்திகை, வடகிழக்குப் பருவமழை. குழிக்குள் ஈரம் ஏறி நிற்கும் மாதம்.

இந்த வீட்டுக்கு நான் சொல்வது 2025 சித்திரை. அதற்குள் 29 மாதம் ஓய்வு கிடைத்திருக்கும். இரண்டு கோடை வெயிலைப் பார்த்து, மூன்றாவதில் இருக்கும். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும். அள்ளியதைக் காயவைக்க வெயிலும் இருக்கும், ஆடியில் நடுவதற்கு உரமும் தயாராகிவிடும். இரண்டாவது குழி நிரம்ப இன்னும் ஒரு வருஷம் இருப்பதால், திறந்து பார்த்து ஏதாவது சரியில்லை என்றால் அப்படியே மூடிவிட்டு அடுத்த கோடை வரை காத்திருக்கவும் இடம் உண்டு.

சுருக்கமாகச் சொன்னால், புழக்கத்தில் இருக்கும் குழி நிரம்புவதற்கு முந்தைய கோடைதான் அள்ளுவதற்குச் சரியான நேரம். நிரம்பி வழிகிற நாளில் பதறிக்கொண்டு மூடியைத் தூக்குவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு ஆரம்பம். வீட்டில் ஆட்கள் கூடினாலோ, கூட்டுக்குடும்பம் ஆனாலோ குழி வேகமாக நிரம்பும் என்பதால் இந்தக் கணக்கை இடையில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். புழங்கும் குழியின் மூடியை வருஷத்துக்கு ஒருமுறை சற்றே நகர்த்தி மட்டத்தைப் பார்த்தால் போதும். அப்போது முகத்தைக் குழிமேல் நீட்டக் கூடாது, பக்கத்தில் பீடியும் கூடாது.

களிமண் பூமி, ஆற்றோரம், கடலோரம், வயல் ஒட்டிய வீடு என்றால் கணக்கு மாறும். அங்கே மூடிய குழியில்கூட மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீரில் ஊறிக் கிடந்த மாதங்களை நான் ஓய்வு மாதங்களாக எண்ணுவதில்லை. இரண்டு வருஷத்துக்குக் குறைவாகச் சம்மதிப்பதும் இல்லை.

குழி உண்மையிலேயே ஓய்வில் இருந்ததா

தேதி சரியாக இருந்தாலும் குழி ஓய்வெடுக்காமல் இருந்திருக்கலாம். இதைத்தான் பலரும் பார்க்காமல் விடுகிறார்கள்.

முதலில் சேம்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். ஒய்யின் இரண்டு கால்களில் ஒன்று செங்கல்லும் மண்ணும் அல்லது சிமெண்ட் கலவையும் வைத்து அடைபட்டிருக்க வேண்டும். பல வீடுகளில் சேம்பரைத் திறந்தால் இரண்டு வாயும் திறந்தே இருக்கும். கட்டிய நாளிலிருந்து இரண்டு குழியிலும் ஒரே சமயத்தில் போய்க்கொண்டிருந்திருக்கும். சில வீடுகளில் சேம்பரே இருக்காது. முதல் குழி நிரம்பினால் வழிந்து இரண்டாவதுக்குப் போகும்படி இரண்டையும் வரிசையாகக் குழாயால் இணைத்திருப்பார்கள். அது பார்க்கத்தான் இரட்டைக் குழி. வேலை செய்வது ஒற்றைக் குழி போல. அந்தக் குழிகளைக் கையால் அள்ளக் கூடாது. ஒரு சேம்பர் கட்டி, ஒரு பக்கத்தை அடைத்து, அன்றிலிருந்து தேதியை எண்ண வேண்டியதுதான்.

அடைப்பு இருக்கிறது என்றால், அது பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஒருவர் உள்ளே போய் இரண்டு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றட்டும். இன்னொருவர் சேம்பர் பக்கம் நின்று பார்க்கட்டும். தண்ணீர் திறந்த வாய்க்குள் மட்டும் போக வேண்டும். அடைத்த பக்கம் செங்கல் ஓரத்தில் மெல்லிய ஈரக்கோடு ஓடினால் கலவை விரிசல் விட்டிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து ஊற்றிவிட்டு, மூடிய குழியின் மூடியை நகர்த்தி, குழாய் வாயைப் பாருங்கள். அங்கே நீலம் சொட்டினால் அந்தக் குழி இத்தனை நாளும் சிறிது சிறிதாகப் புது மலத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அடைப்பைச் சரிசெய்து, அன்றையத் தேதியை முதல் நாளாக வைத்து மறுபடி எண்ணுங்கள். கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் வேறு வழி இல்லை.

புதுக் கழிவு உள்ளே வரும் இரண்டாவது வழி, மண் வழியாக. இரண்டு குழிக்கும் நடுவில் குறைந்தது ஒரு மீட்டர் மண் இருக்க வேண்டும். இடம் இல்லை என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருந்தால், புழங்கும் குழியின் கழிவுநீர் பக்கவாட்டில் கசிந்து ஓய்வில் இருக்கும் குழிக்குள் வரும். கோடையிலும் குழியின் ஒரு பக்கச் சுவர் மட்டும், அதாவது அடுத்த குழியைப் பார்த்த பக்கம் மட்டும், ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தால் இதுதான் காரணம். சுற்றிலும் ஒரே மட்டத்தில் ஈரம் என்றால் நிலத்தடி நீர். மேலே மட்டும் ஈரம் என்றால் மூடியின் விரிசலில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. மூன்றில் மழைத்தண்ணீர் ஒன்றுதான் பெரிய கவலை இல்லை.

மூடியைத் திறந்தபின் பார்க்க வேண்டியவை

மூடியை எடுத்ததும் அள்ள ஆரம்பிக்காதீர்கள். ஒரு நாள் திறந்தபடி விடுங்கள், உள்ளே தேங்கிய காற்று வெளியேறட்டும். அந்த ஒரு நாளும் குழியைச் சுற்றி முள்ளோ கம்பி வலையோ போட்டுவையுங்கள். குழந்தையும் ஆட்டுக்குட்டியும் விழும் ஆழம் அது.

நன்றாக மக்கிய குழியில் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கியிருக்கும், அடைத்த நாளில் இருந்ததில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை. மேல்பரப்பு பழுப்புக் கறுப்பாக வெடிப்பு விட்டிருக்கும். நீளமான கம்பியைக் குத்தினால் காய்ந்த மண்ணில் இறங்குவது போல நறநறவென்று இறங்கும். வெளியே இழுத்தால் கம்பியில் எதுவும் ஒட்டாது. மழை முடிந்த தோட்டத்து மண்ணின் வாடை வரும், அல்லது வாடையே வராது.

கம்பியைத் தரைவரை இறக்கிப் பார்ப்பது முக்கியம். மேலே ஓரடி பொடியாக இருந்து, கீழே சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பாக இருக்கும் குழிகள் உண்டு. நடுவில் இருந்து கொஞ்சம் மண்வெட்டியால் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, காற்றில்லாமல் கட்டி நிழலில் மூன்று நாள் வைக்கலாம். பிரித்ததும் மண்வாடை வந்தால் மக்கல் முடிந்தது. அழுகிய கோழிமுட்டை நாற்றமோ சாணி நாற்றமோ வந்தால் இன்னும் மக்கிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் மூடுங்கள். பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றி நாற்றத்தை அடக்குவது வேலையை இன்னும் தள்ளிப்போடும். மக்கவைக்கும் நுண்ணுயிர்தான் முதலில் சாகும்.

யார் அள்ளுவது

இதைச் சொல்லாமல் போக முடியாது. அடுத்த தெருவிலிருந்து "அந்த வேலைக்கு" என்றே ஒருவரைக் கூப்பிடும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், முழுமையாக மக்குவதற்கு முன்னால் மனித மலத்தைக் கையால் அகற்ற வேண்டிய கழிப்பறையைச் சுகாதாரமற்ற கழிப்பறை என்கிறது. அப்படியான குழியில் ஆளை இறக்குவது குற்றம். முழுதாக மக்கிய குழி இந்த வரையறைக்குள் வராது. சரி, வராது என்றால் அதை வீட்டுக்காரரே அள்ளலாம் அல்லவா? அள்ள மனம் வரவில்லை என்றால், அது மக்கவில்லை என்று சந்தேகப்படுகிறார் என்று பொருள், அல்லது பிரச்சினை குழியில் இல்லை.

2017 பிப்ரவரியில், மத்திய குடிநீர் மற்றும் சுகாதாரத் துறையின் அன்றைய செயலாளர் பரமேசுவரன் ஐயர் தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் கங்காதேவிபள்ளி என்ற ஊரில் ஓர் இரட்டைக் குழியில் இறங்கித் தன் கையால் எருவை அள்ளிக் காட்டினார். அதிகாரிகள் படம் எடுத்துக்கொள்ளும் விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனாலும், யார் செய்யும் வேலை இது என்ற கேள்விக்கு அதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியவில்லை.

அள்ளுதல்

நீளக் கைப்பிடி மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு இரண்டு, தார்ப்பாய் ஒன்று, ரப்பர் கையுறை, முழங்கால் வரை வரும் பூட்ஸ், மூக்கையும் வாயையும் மறைக்கும் துணி அல்லது மாஸ்க். கையில் ஆறாத காயம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் விலகியிருப்பது நல்லது. வெறும் காலோடு யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. கொக்கிப்புழுக் குஞ்சு பாதத்தின் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் போகும்.

தார்ப்பாயைக் கிணறு, போர், தண்ணீர்த் தொட்டி எதற்கும் பக்கத்தில் இல்லாமல், காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத இடமாகப் பார்த்து விரியுங்கள்.

முடிந்தவரை மேலிருந்தே அள்ள வேண்டும். நான்கடிக்குள் இருக்கும் குழியில் முதல் இரண்டடியை விளிம்பில் நின்றே எடுத்துவிடலாம். மிச்சத்துக்கு ஒருவர் உள்ளே நிற்க வேண்டியிருந்தால், குழி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், ஒரு நாளாவது திறந்து கிடந்திருக்க வேண்டும், மேலே கைகொடுத்துத் தூக்க இரண்டு பேர் நிற்க வேண்டும். ஆறடி, எட்டடி என்று உறை இறக்கிய குழியில் எந்த நிலையிலும் யாரும் இறங்கக் கூடாது. பக்கத்துக் குழியிலிருந்து மண் வழியாக வாயு வந்து அடியில் தேங்கும். அது மூக்குக்குத் தெரிவதற்குள் ஆள் மயங்கிவிடுவார். காப்பாற்ற இறங்குபவரும் மயங்குவார். ஆழமான குழியில் எட்டும் அளவுக்கு எடுத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டால் குறையொன்றும் இல்லை. அடுத்த சுற்றில் குழி கொஞ்சம் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான்.

அள்ளும்போது ஒவ்வொரு பாண்டையும் பார்த்துப் போடுங்கள். நாப்கின், குழந்தை டயாபர், ஷாம்பு பாக்கெட், சவரப் பிளேடு, உடைந்த பாட்டில் எல்லாம் வரும். பிளேடுக்காகத்தான் கையால் துழாவக் கூடாது என்பது. டயாபரும் நாப்கினும் வேறு விதத்தில் ஆபத்து. அவற்றின் மடிப்புக்குள் காற்றும் மண்ணும் போகாததால், இரண்டு வருஷம் கழித்தும் உள்ளே இருப்பது மக்காமல் ஈரமாகவே இருக்கும். அவற்றைப் பிரிக்காமல் தனியாக ஒதுக்கி, ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். எரிக்க வேண்டாம்.

நடுவில் ஓரிடத்தில் திடீரென்று சாம்பல் நிறச் சேறும் நாற்றமும் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதுவரை அள்ளியதைத் தார்ப்பாயால் மூடி ஒதுக்கிவைத்துவிட்டு, குழியை மூடி அடுத்த கோடைக்கு விடுங்கள்.

தரையை எட்டியதும் செங்கல் அடிவரிக்குக் கீழே தோண்டாதீர்கள். ஒரு சாண் கூடுதலாக எரு கிடைக்கும் என்று தோண்டினால், மொத்தச் சுவரும் அதன்மேல்தான் நிற்கிறது. இடைவெளிகளில் கறுப்பாக ஒரு படலம் அடைத்திருக்கும். வளைந்த கம்பியால் அதை மட்டும் மெல்லச் சுரண்டிவிடுங்கள். அடுத்த முறை தண்ணீர் கசிவது அந்த ஓட்டைகள் வழியாகத்தான். சுவரைக் கழுவவோ தரையில் சிமெண்ட் போடவோ கூடாது. "சுத்தமா இருக்கட்டும்" என்று தரையைப் பூசிய குழி தொட்டியாகிவிடும். மாற்றிவிட்ட சில வாரங்களிலேயே நிரம்பிவிடும்.

நம் கணக்கில் எடுத்த குழியிலிருந்து ஏறக்குறைய 400 லிட்டர், அதாவது பத்து லிட்டர் பிடிக்கும் பாண்டில் நாற்பது வரும். இரண்டு பேர் காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

வேலை முடிந்ததும் மண்வெட்டி, பாண்டு, பூட்ஸை எல்லாம் கழுவி வெயிலில் போட்டுவையுங்கள். கழுவிய தண்ணீர் குழிக்குள்ளேயே போகட்டும். கையை முழங்கை வரை சோப்புப் போட்டு, நகத்தடியையும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் டீ.

காயவைத்தல்

அள்ளியதை நேரே செடிக்குப் போட வேண்டாம். இரண்டாவது காவலாக ஒரு வெயில் தேவை. ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, சுற்றி ஒரு சின்ன வரப்புக் கட்டி, சித்திரை, வைகாசி வெயிலில் ஆறு முதல் எட்டு வாரம் விடுங்கள். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் அடியில் இருப்பதும் காயும். உருண்டைப்புழு முட்டைக்கு வெயிலும் ஈரமின்மையும்தான் எதிரி. கோடை மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள்.

கோழிதான் இங்கே தொல்லை. எருக்குவியலைப் பார்த்தால் விடாது, கிளறி வீட்டு வாசல் வரை இழுத்து வந்துவிடும். வேலி வலை போடாமல் முடியாது.

காய்ந்ததும் மணல் சலிக்கும் சல்லடையில் ஒருமுறை சலித்தால் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் தங்கிவிடும். நாற்பது பாண்டு சுமார் முப்பதாகச் சுருங்கியிருக்கும். கையில் இருப்பது சாம்பல் கலந்த பழுப்பு நிறப் பொடி.

இதைச் சாணியோடும் சருகோடும் சேர்த்துக் கம்போஸ்ட் போட்டால் சூட்டில் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்பார்கள். குவியலின் உள்சூடு 50 டிகிரிக்கு மேல் ஒரு வாரமாவது நின்றால் உண்மைதான். ஆனால் வீட்டு அளவில் போடும் சின்னக் குவியல் அந்தச் சூட்டை எட்டுவது அபூர்வம். எட்டினாலும் ஓரங்கள் எட்டாது. மக்கிய பொருளில் சூடு பிடிக்க இரையும் மிச்சம் இல்லை. மண்புழு உரமாக்குவதும் இதற்கு மாற்று அல்ல, அதில் சூடே கிடையாது. நாளும் வெயிலும்தான் நம்பகமானவை.

மண்ணில் போடுதல்

இது யூரியா மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தழைச்சத்தில் பெரும்பங்கு சிறுநீரில்தான் இருக்கிறது. அது தண்ணீரோடு எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டது. மிஞ்சியிருப்பது மணிச்சத்து, நுண்ணூட்டங்கள், அப்புறம் முக்கியமாக மக்கு. செம்மண்ணும் மணலும் தண்ணீரைப் பிடித்துவைக்காத இடங்களில் இந்த மக்குதான் நன்றாக வேலை செய்யும். இலை வெளிறினால் கூடவே கடலைப் புண்ணாக்கோ தொழுவுரமோ போட வேண்டியிருக்கும்.

சிறந்த இடம் நடவுக்குழி. மண்ணுக்கு அடியில் போய்விடுகிறது, யாரும் தொடுவதில்லை, மழையில் தெறிப்பதும் இல்லை. வாழைக்கும் முருங்கைக்கும் வெட்டும் ஒன்றரை அடிக் குழிக்கு இரண்டு பாண்டு போதும். தோண்டிய மேல்மண்ணோடு நன்றாகக் கலந்து, குழியின் கீழ்ப் பாதியில் போட்டு, மேலே நான்கு விரல்கடை அளவுக்குக் குறையாமல் வெறும் மண்ணால் மூடுங்கள். மா, கொய்யாவுக்கு வெட்டும் பெரிய குழிக்கு ஐந்து பாண்டு போடலாம். நம் முப்பது பாண்டில் பத்து வாழையும் இரண்டு மாங்கன்றும் நட்டால் கணக்கு முடிந்தது. ஏற்கெனவே காய்க்கும் தென்னைக்கு, தண்டிலிருந்து ஆறடி தள்ளி வட்டமாக அரையடி ஆழத்தில் கால்வாய் எடுத்து, நான்கு பாண்டு போட்டு மண்ணால் மூடிவிடலாம். தேங்காய் மேலே இருக்கிறது, எரு கீழே இருக்கிறது. இதைவிடப் பாதுகாப்பான இணை கிடையாது. ஆனால் விழுந்த தேங்காயைக் கழுவித்தான் உரிக்க வேண்டும்.

மல்லிகை, அரளி, தேக்கு, வேலியோர மரங்கள் எதற்கும் தாராளமாகப் போடலாம். கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, கேரட், வெங்காயம், நிலக்கடலை, மஞ்சள், தரையில் படரும் வெள்ளரி இவற்றுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பச்சையாகத் தின்பதும் மண்ணுக்குள் விளைவதும் மண்ணில் கிடப்பதும் இந்த எருவைத் தொடக் கூடாது. சமைத்துத் தின்னும் கத்தரி, வெண்டைக்குப் போட ஆசைப்பட்டால் நடவுக்கு முன்னால் அடியில் கலந்துவிடுங்கள். செடி வளர்ந்தபின் மேலே தூவாதீர்கள். எருப் போட்டதற்கும் முதல் பறிப்புக்கும் நடுவில் குறைந்தது ஒரு மாதம் இருக்க வேண்டும் என்பதும் அதே 2006 வழிகாட்டுதலில் உள்ளதுதான்.

எருப் போட்ட பாத்தியில் குழந்தைகள் ஒரு பருவம் விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் குடற்புழு மாத்திரை சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தால், இந்தச் சமயத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் யாருக்கும் பூச்சி இல்லை என்றால் அடுத்த குழியிலும் முட்டை இருக்காது.

குழியை மூடிவைத்து, தேதி எழுதுதல்

காலியான குழியை மூடி வைத்து, ஓரங்களைச் சன்னமான கலவையால் பூசிவிடுங்கள். கொசுவும் மழையும் போகக் கூடாது. அடுத்த முறை தட்டினால் பெயரும்படி கலவையில் சிமெண்ட் குறைவாக இருக்கட்டும்.

அன்றே குழியை மாற்றிவிட வேண்டாம். புழங்கும் குழியில் இன்னும் இடம் இருக்கிறது. அது குழாய் வாய்க்கு அரையடி கீழே வந்ததும், சேம்பரைத் திறந்து, அந்தப் பக்கத்தைச் செங்கல் வைத்து அடைத்து, இந்தப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். அடைப்புக்குச் செங்கல்லின் நான்கு ஓரத்திலும் கலவை வேண்டும். சாக்குத்துணியைச் சுருட்டி அடைப்பவர்கள் இருக்கிறார்கள், அது ஒரு மாதத்தில் இற்றுவிடும். மறுநாள் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஒருமுறை ஊற்றிப் பாருங்கள்.

கடைசியாக, பெயிண்ட் எடுத்துக் கழிப்பறையின் வெளிச்சுவரில், எந்தக் குழி எந்த மாதம் அடைத்தது என்று எழுதிவிடுங்கள். "இடது குழி, அடைத்தது: வைகாசி 2026. 2028 சித்திரைக்கு முன் திறக்க வேண்டாம்" என்ற அளவுக்குத் தெளிவாக இருந்தால், வீட்டில் அன்றைக்கு யார் இருந்தாலும் கணக்கு தப்பாது.